தோளுக்கு முன்னால் முதுகு

ரங்கூனில் என் பெரியம்மா வைத்திருந்த தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓர் அளவுச் சட்டையைக் கையோடு கொண்டுவந்து, "இதே மாதிரி" என்று மேசைமேல் போடுவார்கள். பெரியம்மா அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு டேப்பை எடுப்பார். அளவுச் சட்டையைப் பார்த்து வெட்டினால் அதில் இருக்கும் கோளாறையும் சேர்த்துத்தான் வெட்டுவோம் என்பார். சிலருக்கு இது பிடிக்காது. அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கடை அனோரத்தா சாலையில், காளியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சாலையைக் கடைசிவரை பிரேசர் தெரு என்றே சொன்னார்கள். நான் பெரியம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்தது 1990களின் பிற்பாதியில். மின்சாரத்தை நம்ப முடியாத காலம் என்பதால் இரண்டு மெஷினுமே கால் மெஷின்கள். இஸ்திரிப் பெட்டிக்கு அடுப்புக்கரி. சேலை கட்டுகிறவர்களுக்கு ரவிக்கை தைத்தோம். அதைவிட அதிகமாகத் தைத்தது பர்மியப் பெண்கள் லுங்கிக்கு மேல் போடும் எய்ஞ்சிதான். எங்கள் தமிழ்ப் பெண்களிலும் பலர் அதைத்தான் உடுத்தினார்கள்.

எய்ஞ்சியில் நடுவில் பொத்தான் வைத்தது யின்ஸே. முன்பாகம் மார்பைக் குறுக்கே மூடி, தொண்டையில் தொடங்கி அக்குள் பக்கமாக வளைந்து, விலாவில் இறங்கி முடிவது யின்ஃபோன். இடுப்பளவு நீளம், நிற்கும் சின்னக் காலர், உடம்போடு ஒட்டிய வெட்டு. தளர்வு என்று இரண்டு அங்குலம் கூட விடமாட்டோம். தொளதொள சட்டையில் மறைந்துவிடும் பிசகெல்லாம் யின்ஃபோனில் காலரிலும் அந்த வளைந்த மடிப்பின் விளிம்பிலும் வெளியே வந்துவிடும்.

அப்படி வெளியே வந்த ஒன்றைத்தான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஒருநாள் பையில் எடுத்துவந்தார். அரசுப் பள்ளியில் வெள்ளை எய்ஞ்சியும் பச்சை லுங்கியுமாகக் காலமெல்லாம் நின்றவர். என் அண்ணன்மாருக்குப் பாடம் சொன்னவர் என்பதால் பெரியம்மாவுக்கும் அவர் டீச்சர்தான். வயது எழுபதை நெருங்கியிருந்தது. பேத்தி கல்யாணத்துக்குப் பட்டில் யின்ஃபோன் வேண்டும். அதற்கு முன் வேறொரு இடத்தில் தைத்த ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"கழுத்துல நிக்கவே மாட்டேங்குதும்மா. பின்னாடியே போகுது. நாலு தடவை பிரிச்சுத் தைச்சுக் குடுத்தாங்க."

பார்த்தவுடன் கண்ணில் பட்டவை பல. காலர் பிடரியைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நின்றது. பின் ஓரம் மேலே ஏறியிருந்தது, முன் ஓரம் தாழ்ந்து தொங்கியது. கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்புகள் ஓடின. உள்ளே புரட்டிப் பார்த்தால் தோள் தையலில் பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. தைத்தவர் சாய்வு மடிப்பைப் பார்த்து "தோள் இறக்கம்" என்று முடிவுகட்டி, தோள் நுனியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்கிறார். அந்த முடிவில் பாதி சரி. கழுத்தடியிலிருந்து அக்குளுக்கு ஓடும் மடிப்பு, இறங்கிய தோளின் அடையாளம்தான். துணி தோள் நுனியில் தாங்க இடமில்லாமல் அக்குளில் போய்த் தேங்குகிறது.

ஆனால் டீச்சருக்குத் தோள் மட்டும் இறங்கியிருக்கவில்லை. முதுகின் மேல்பாகமும் வளைந்திருந்தது. வளைந்த முதுகுக்குப் பிடரியிலிருந்து இடுப்புவரை கூடுதல் நீளம் வேண்டும். சட்டையில் அந்த நீளம் இல்லாவிட்டால் துணி அதைக் காலரிலிருந்தும் பின் ஓரத்திலிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். காலர் பின்னால் சரிவதும் ஓரம் ஏறுவதும் அதனால்தான். இந்த நிலையில் பின்தோளைப் பிடிக்கப் பிடிக்க, ஏற்கெனவே குட்டையாக இருக்கும் பின்பாகம் இன்னும் குட்டையாகிறது.

பெரியம்மா இதை எனக்கு வாயால் விளக்கவில்லை. டீச்சர் மேல் இருந்த சட்டையிலேயே இரண்டு தோளிலும் குண்டூசியால் ஒரு மடிப்புப் பிடித்தார். சாய்வு மடிப்பு மறைந்தது, காலர் பிடரியிலிருந்து இன்னும் விலகியது. ஊசியை எடுத்துவிட்டுக் காலரைப் பிடரி எலும்புவரை கையால் இழுத்து வைத்தார். இப்போது தோளைத் தொடாமலேயே பின்பக்கத்துச் சாய்வு மடிப்பில் பெரும்பகுதி போய்விட்டது, முதுகுக்குக் குறுக்கே மட்டும் துணி விறைத்து நின்றது. "முதல்ல முதுகு. தோளு பொறவு" என்றார்.

அளவெடுப்பதே ஒரு தந்திரம். கண்ணாடி முன் நிற்கும் பெண்கள் தாமாகவே நிமிர்ந்துவிடுவார்கள். அந்த நிமிர்ந்த அளவுக்குத் தைத்தால், வீட்டுக்குப் போய் இயல்பாக நின்றதும் சட்டை பின்னால் சரியும். பெரியம்மா டீச்சரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தி, பழைய மாணவர்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். பேச்சில் டீச்சர் தம் வழக்கமான நிலைக்கு வந்த பிறகுதான் டேப் முதுகில் ஏறியது. அவர் மார்பளவுக்கு எங்கள் பேட்டர்னில் பிடரியிலிருந்து இடுப்புக்கு 15½ அங்குலம். டீச்சருக்கு வளைவின் மேலாக அளந்தால் 16¼. முன்பக்கம் இதற்கு நேர் எதிர், தொண்டைக்குழியிலிருந்து இடுப்புக்கு அரை அங்குலம் குறைந்தது. வயதாக ஆக முதுகெலும்புக் கட்டைகள் முன்பக்கமாக அமுங்குவதால் பின்னால் நீளம் கூடி முன்னால் குறுகுகிறது. ஆகவே இரண்டு பக்கத்திலும் திருத்தம் வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பும் வழக்கம் பெரியம்மாவுக்கு இல்லை. பட்டில் கை வைப்பதற்கு முன், திருத்தாத பேட்டர்னைக் காடாத் துணியில் வெட்டி ஓட்டுத் தையல் போட்டு டீச்சருக்கு மாட்டினார். இது யின்ஃபோன் மடிப்பு இல்லாமல் நடுவில் திறக்கும் வெறும் உடல்தான். முதுகில் வளைவு எங்கே அதிகம் என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பிடரியிலிருந்து ஏறத்தாழ ஐந்து அங்குலத்துக்குக் கீழே குறுக்காக ஒரு சாக்குக் கோடு. அந்தக் கோட்டில் நடு முதுகிலிருந்து இரு பக்கமும் கத்தரித்துக்கொண்டே போய், ஆர்ம்ஹோலுக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். துணி மீன் வாய் போலத் தானாகத் திறந்தது. காலர் பிடரியில் போய் உட்கார்ந்தது, பின் ஓரம் கீழே இறங்கி மட்டத்துக்கு வந்தது. நடுவில் திறந்த வாயை அளந்தால் முக்கால் அங்குலம், டேப் சொன்ன அதே முக்கால். ஆர்ம்ஹோல் பக்கம் ஒன்றுமில்லை. முன்பக்கத்தில் காலருக்கும் மார்புக்கும் நடுவே தளர்ந்து கிடந்த துணியைக் குறுக்கே மடித்து ஊசி குத்தினார். நடுவில் அரை அங்குலம், ஆர்ம்ஹோலுக்குப் போகும்போது பூச்சியம்.

இனித் தாளில் வேலை. இங்கேதான் நான் அதுவரை எந்தக் கடையிலும் பார்க்காத ஒன்றைப் பெரியம்மா செய்தார். பழுப்புத் தாள் பேட்டர்னை வெட்டுவதற்கு முன் அதன் வெளிவிளிம்பை மேசைப் பலகையில் சாக்கால் அப்படியே வரைந்துகொண்டார். பிறகு பின்பாகத் தாளைக் குறுக்கே வெட்டி, ஆர்ம்ஹோல் முனையில் மட்டும் விட்டுவைத்து, மேல் துண்டை முக்கால் அங்குலம் தூக்கி, இடையில் ஒரு தாள் பட்டியை வைத்துச் சோற்றுப் பசையால் ஒட்டினார். ஒட்டியதைச் சாக்கு வரைவின்மேல் வைத்து, "எது நகந்திருக்கு பாரு" என்றார்.

தோள் நுனி, இருந்த உயரத்திலேயே இருந்தது. ஆர்ம்ஹோல் முனையைக் கீலாக வைத்து மேல் துண்டு திரும்புவதால், கீலுக்கு நேர் மேலே இருக்கும் நுனி உயருவதில்லை, கொஞ்சம் வெளியே நகர்கிறது. கழுத்துப் பக்கத்துத் தோள் முனையோ கீலிலிருந்து தள்ளி இருக்கிறது. அது ஏறத்தாழ அரை அங்குலம் மேலே போயிருந்தது. ஒரு முனை ஏறி மறுமுனை அப்படியே நின்றால் நடுவில் உள்ள கோடு முன்னைவிடச் சரிவாகும். அதாவது முதுகு வளைவுக்குத் திறந்த திறப்பே பின்தோளைச் சரித்துவிட்டது. தோளுக்கென்று நாங்கள் இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

முன்பாகத்தில் நடந்தது இதன் தலைகீழ். அரை அங்குலம் மடித்ததால் கழுத்து முனை கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே வந்தது, நுனி நகரவில்லை. முன்தோள் இருந்ததைவிடத் தட்டையாகிவிட்டது.

டீச்சரின் தோள் சரிவை அளக்கப் பெரியம்மா ஓர் அடிக்கோலைக் கழுத்தோரத்தில் மட்டமாகப் பிடித்து, அதிலிருந்து தோள் நுனி எலும்புவரை நேர் கீழாக அளந்திருந்தார். இரண்டு அங்குலம் இருந்தது. பேட்டர்னில் இருந்தது ஒன்றரை. அரை அங்குலம் இறக்கவேண்டும் என்று தோன்றும். முன்னும் பின்னும் அரை அரை அங்குலம் இறக்குவதுதான் எல்லாக் கடைகளிலும் பழக்கம். நிமிர்ந்த முதுகுக்கு அது சரிதான். டீச்சருக்குப் பின்பக்கம் அந்த அரையில் பெரும்பகுதியைத் திறப்பே கொடுத்துவிட்டது. மிச்சம் ஓர் அரைக்கால் அங்குலம்தான். முன்பக்கம் இறக்க வேண்டிய அரையோடு மடிப்பு தட்டையாக்கிய காலையும் சேர்த்தால் முக்கால். பெரியம்மா பின்தோள் நுனியில் அரைக்கால், முன்தோள் நுனியில் முக்கால் என்று புள்ளி வைத்து, கழுத்து முனைக்கு நேர்க்கோடு இழுத்தார். ஒரே தோளுக்கு முன்னால் ஒரு கணக்கு, பின்னால் ஒரு கணக்கு. வரிசையை மாற்றி முதலில் தோளை இறக்கிவிட்டு அப்புறம் முதுகைத் திறந்திருந்தால் பின்தோள் இரண்டு மடங்கு சரிந்திருக்கும். டீச்சர் கொண்டுவந்த சட்டையிலோ திறப்பே இல்லாமல் நான்கு முறை தோளை மட்டும் இறக்கியிருந்தார்கள்.

தோள் நுனியைக் கீழே கொண்டுவந்தால் ஆர்ம்ஹோல் சிறுக்கும். அதற்குச் சரியாக அக்குள் அடியையும் இறக்கவேண்டும். முன்பக்கம் முக்கால் குறைந்தது, பின்பக்கம் அரைக்கால் குறைந்தது, ஆனால் பக்கத் தையலில் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தாக வேண்டும். பெரியம்மா இரண்டுக்கும் நடுவாக, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைத்து அக்குளை இறக்கினார். முக்காலும் இறக்கினால் என்ன என்று கேட்டேன். ஒட்டின சட்டையில் அக்குள் தாழ்ந்தால் கை உடம்போடு கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும், கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறும் என்றார். பிறகு டேப்பை விளிம்பில் நிறுத்தி ஆர்ம்ஹோலைச் சுற்றி அளந்தார். மொத்தச் சுற்றளவு பழைய அளவுக்கே வந்தது. ஆகவே கைத் தாளை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பின்பக்கம் கொஞ்சம் நீண்டு முன்பக்கம் கொஞ்சம் குறைந்திருந்ததால், கையின் உச்சியில் தோள் தையலோடு சேரும் குறியைக் கால் அங்குலம் முன்னால் நகர்த்தினார். முதுகு வளைந்தவர்களின் கை இயல்பாகவே முன்னால் தொங்கும், குறி நகர்ந்தால் சட்டைக் கையும் அப்படியே தொங்கும்.

மிஞ்சியது ஒரு தொல்லை. மேல் துண்டைத் திருப்பியதில் நடு முதுகுக் கோடு கழுத்தருகே அரை அங்குலம் உள்ளே சாய்ந்துவிட்டது. யின்ஃபோனின் பின்பாகத்தை மடிப்பில் வைத்து ஒரே துண்டாக வெட்டுவோம், மடிப்பு நேராக இருந்தே ஆகவேண்டும். நடுவில் தையல் விட்டால் அந்த வளைவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முதுகுக்கு அதுதான் ஆக அழகாகப் பொருந்தும். ஆனால் டீச்சரின் பட்டில் நெய்த பூக்கள் இருந்தன, நடுத் தையல் பூவைப் பிளந்துவிடும். அதனால் கோட்டை நேராக்கி, அதில் கூடிய அரை அங்குலத்தைக் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பை நோக்கி இறங்கும் ஒரு டாட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, பிடிக்க முடிவானது. நீளம் மூன்று அங்குலம். வளைவின் உச்சிக்கு ஓர் அங்குலத்துக்கும் மேலாக விட்டு நிற்கவேண்டும், உச்சிவரை கொண்டுபோனால் அங்கே கூம்பு போல ஒரு முனை எழும்பும். டாட்டின் மேல்முனை காலர் தையலுக்குள் போய்விடுவதால் வெளியே தெரிவது கொஞ்சம்தான்.

பேட் வைத்தால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். டீச்சரே கேட்டார். தோள் சரிவை மட்டும் பேட் நிரப்பும், கோட்டு தைக்கும்போது அது நல்ல வழி. மெல்லிய பட்டுக்குள் பேட்டின் விளிம்பு தெரியும், ரங்கூன் வெயிலில் வேர்வையில் நனைந்து கனக்கும். முதுகு வளைவுக்கோ அது எதுவுமே செய்யாது. எனக்கு இன்றும் பேட் வைத்த எய்ஞ்சியைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

திருத்திய தாளில் இன்னொரு காடா வெட்டி மாட்டியபோது பெரியம்மா முகத்துக்கு நேராக நின்று பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் போய், பக்கத் தையல் தரைக்கு நேராக விழுகிறதா என்று பார்த்தார். இடுப்பில் ஒரு நூலைக் கட்டி, ஓரம் அந்த நூலிலிருந்து முன்னும் பின்னும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று அளந்தார். காலருக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். டீச்சரை உட்காரச் சொன்னார், குடத்தை மேலே தூக்குவது போலக் கையை உயர்த்தச் சொன்னார். வலது தோள் மட்டும் இடதைவிட ஒரு நூல் தாழ்ந்திருந்தது, அதைப் பட்டில் வலப்பக்கம் தனியாகக் குறித்துக்கொண்டார். யின்ஃபோனின் குறுக்கு மடிப்பைக் கடைசியாகத்தான் தாளில் வரைந்தார். முன்பாகம் சரியான பிறகு அதன் விளிம்பு மார்பில் வாய் பிளக்கவில்லை. அதற்கென்று தனியாக எந்த வைத்தியமும் தேவைப்படவில்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. நடுவில் ஓர் அங்குலம்வரை திறந்தால் டாட் தாங்கும். அதற்கு மேல் போனால் டாட் பருத்து, கழுத்தடியில் துணி குவியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரியம்மா பின்னால் யோக் வெட்டி, அந்தத் தையலுக்குள் முழு வளைவையும் ஒளித்துவிடுவார், இல்லையென்றால் பூ பிளந்தாலும் பரவாயில்லை என்று நடுத் தையல் விடுவார். தவிர, இந்தத் தாள் ஒருவருக்கு நிரந்தரமும் அல்ல. டீச்சரின் பேட்டர்னில் பெயரோடு தேதியும் எழுதி ஆணியில் மாட்டியிருந்தோம். சில வருஷம் கழித்து அவர் சாதாரண யின்ஸே ஒன்றுக்கு வந்தபோது பெரியம்மா தாளை எடுக்கவில்லை, மறுபடி அளந்தார். பின்நீளம் இன்னும் கால் அங்குலம் கூடியிருந்தது. தோளில் மாற்றமே இல்லை.

அன்று கூட வந்த டீச்சரின் மகளுக்கு நாற்பது வயதிருக்கும். அம்மாவின் தோள் அப்படியே, முதுகும் வளையத் தொடங்கியிருந்தது. அவருக்கு வேண்டியது சேலை ரவிக்கை, பின்கழுத்து ஆறு அங்குலம் இறங்கவேண்டும் என்றார். தாளில் வேலை செய்யச் சொல்லி அதைப் பெரியம்மா என்னிடம் விட்டார். நடுவில் அரை அங்குலம் திறக்க வேண்டிய முதுகு. திறந்து ஒட்டிவிட்டுக் கழுத்தை வரைந்தால், திறப்பின் அகலமான பகுதி முழுவதும் கழுத்துக் குழிக்குள் போய்விட்டது. கழுத்தோரத்தில் மிஞ்சியது கால் அங்குலத் திறப்பு. அந்தக் கால் தோள் பட்டையின் நீளத்தில் சேர்ந்துகொண்டது, டாட் பிடிக்க வேண்டிய துணியே அங்கில்லை. ஆனால் மேல் துண்டு திரும்பியதில் பட்டை கால் அங்குலத்துக்கு மேல் வெளியே நகர்ந்திருந்தது. சரிந்த தோளில் அப்படியே விட்டால் பட்டை நழுவிக்கொண்டே இருக்கும்.

"பட்டையை உள்ளே தள்ளு. கழுத்தகலத்தைக் குறைச்சு வரை" என்றார் பெரியம்மா. மகளுக்கு அகலக் கழுத்துதான் ஆசை. நழுவுகிற பட்டையை ஒவ்வொரு தடவையும் இழுத்துவிட்டுக்கொள்ளத் தயாரா என்று பெரியம்மா கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்கழுத்தை மட்டும் அரை அங்குலம் இறக்கிக் கொடுங்கள் என்று மகள் ஒத்துக்கொண்டார்.